வரையறையா, அட்டவணையா, ஒரு தவறான விடையா: கற்றல் நோக்கமும் கட்டமைப்புவாதமும் எந்த ஸ்லைடில் புரியும்?

பி.எட். வகுப்பில் கற்றல் நோக்கங்களையும், பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்னும் கட்டமைப்புவாதத்தையும் ஸ்லைடு போட்டு விளக்குவதற்கு மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றையும் நானே செய்தும் இருக்கிறேன். ஒன்று, வரையறையில் தொடங்குவது. இரண்டு, 'பழைய முறை, புதிய முறை' என்று இரண்டு பத்தி அட்டவணை போடுவது. மூன்று, ஒரு பிள்ளை எழுதிய தவறான விடையைத் திரையில் வைத்துவிட்டு, கோட்பாடுகளை அதன் பின்னால் வரச் செய்வது. மூன்றையும் ஒரே பாடத்தை வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் தசம எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஆறு, ஏழாம் வகுப்பில் பயிற்சிக்குப் போகும் மாணவ ஆசிரியர் எவருக்கும் இது எதிர்ப்படும்.

முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது. திரையில் புளூமின் வகைப்பாடு, 1956. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். அடுத்த ஸ்லைடில் 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் செய்த திருத்தம். அதற்கடுத்து ராபர்ட் மேகர் 1962-இல் சொன்ன மூன்று கூறுகள்: மாணவர் என்ன செய்வார், எந்த நிபந்தனையில் செய்வார், எந்த அளவு சரியாகச் செய்தால் போதும். அப்புறம் பியாஜே, வைகாட்ஸ்கி, ஆளுக்கு ஒரு படம். தேர்வுக்கு இது உதவும், அதை நான் மறுக்கவில்லை. பெயரும் ஆண்டும் எழுதினால்தான் மதிப்பெண். ஆனால் இந்த ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டுப் போன மாணவ ஆசிரியரின் பாடத்திட்டக் குறிப்பேட்டைத் திறந்தால் இப்படி இருக்கும்: "மாணவர்கள் தசம எண்களைப் பற்றி அறிந்துகொள்வர். தசம எண்களை ஒப்பிடுவதைப் புரிந்துகொள்வர். அன்றாட வாழ்வில் பயன்படுத்துவர்." தசம எண்களை எடுத்துவிட்டு ஒளிச்சேர்க்கை என்று போட்டாலும் இந்த மூன்று வரியும் அப்படியே நிற்கும். நோக்கம் எழுதியாயிற்று, ஆனால் நாளைக் காலை வகுப்பில் என்ன கேட்பது என்று அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

கொஞ்சம் அக்கறையுள்ளவர் மேகரைப் பிடித்துக்கொண்டு இதைத் திருத்துவார். "பத்து இணை தசம எண்கள் தரப்பட்டால், ஒவ்வோர் இணையிலும் பெரிய எண்ணைக் குறைந்தது எட்டில் சரியாகத் தேர்ந்தெடுப்பர்." செயல் இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, அளவு இருக்கிறது. மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் 'நன்று' போட்டுவிடுவார், நானும் பல வருடம் போட்டேன். இதில் என்ன குறை என்று வரையறை ஸ்லைடால் காட்டவே முடியாது. அதற்குப் பிள்ளைகள் எழுதியதைப் பார்க்க வேண்டும்.

பத்து இணைகளும் இவை என்று வைத்துக்கொள்வோம்.

0.7, 0.2
3.45, 3.12
2.68, 2.63
0.9, 0.4
5.31, 4.87
0.58, 0.85
6.75, 6.4
1.36, 1.2
4.63, 4.8
0.3, 0.25

ஒரு மாணவி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறாள். அவளுக்கு 4.63 என்பது நான்கும் அறுபத்து மூன்றும். 4.8 என்பது நான்கும் எட்டும். ஆகவே 4.63 பெரியது. அவள் இந்த விதியை வைத்துக்கொண்டு பத்தையும் போடட்டும். முதல் ஆறும் சரி. 6.75, 6.4 சரி, ஏனென்றால் எழுபத்தைந்து நான்கைவிடப் பெரியது. 1.36, 1.2 அதே காரணத்தால் சரி. கடைசி இரண்டு மட்டும் தவறு. பத்துக்கு எட்டு.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு மாணவன். நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று ஆசிரியர் சொன்னதை அவன் கவனமாகக் கேட்டவன். ஆகவே புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக்கூட எண் சிறிதாகும் என்று முடிவு கட்டிவிட்டான். அவனுக்கும் முதல் ஆறு சரி, ஏனென்றால் அங்கே இலக்கங்கள் சம எண்ணிக்கையில் இருக்கின்றன. 6.75, 6.4 என்றால் 6.4 பெரியது என்பான், தவறு. 1.2 பெரியது என்பான், தவறு. 4.8 பெரியது, சரி. 0.3 பெரியது, சரி. அவனுக்கும் பத்துக்கு எட்டு.

இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு தவறான விதிகள், ஒரே மதிப்பெண். குறிப்பேட்டில் எழுதிய நோக்கத்தின்படி இருவரும் தேர்ச்சி. இந்த ஒரு ஸ்லைடைப் போட்டுவிட்டு மாணவ ஆசிரியர்களிடம் பேனாவைக் கொடுத்து, இருவருடைய விதியையும் வைத்துப் பத்தையும் அவர்களையே திருத்தச் சொல்வேன். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வகுப்பில் வரும் கேள்விகளே வேறாக இருக்கும்.

இது நான் கணக்குப் போட்டுக் காட்டும் வித்தை மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு மையம் உருவாக்கிய ஒரு கணிதத் திட்டம் இருந்தது. சிறு சிறு நடத்தைசார் நோக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த படி. அதில் இரண்டாம் வகுப்பிலிருந்து படித்து வந்த ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுடன் ஸ்டான்லி எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசி, 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையில் அவனுக்கு பென்னி என்று பெயர். வகுப்பாசிரியருக்கு அவன் நல்ல கணித மாணவர்களில் ஒருவன். ஆனால் 2/10 என்பதைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான். மேலேயும் கீழேயும் உள்ளதைக் கூட்டி நடுவில் புள்ளி வைப்பது அவனுடைய விதி. அதனால் 4/11 கேட்டாலும் 1.5, 11/4 கேட்டாலும் 1.5. விதிகளை அவனே கட்டிக்கொண்டிருந்தான், தேர்வுத்தாள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பென்னியை ஒரு ஸ்லைடாக வைப்பதை நான் விட்டதே இல்லை.

இனி இரண்டாவது வழி. இடப்பக்கம் 'நடத்தைவாதம்', வலப்பக்கம் 'கட்டமைப்புவாதம்'. ஆசிரியர் மையம், மாணவர் மையம். மனப்பாடம், புரிதல். கரும்பலகை, செயல்பாடு. 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கட்டமைப்புவாதத்தை முன்வைத்த பிறகு இந்த அட்டவணை எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கும், ஒரே பார்வையில் விஷயம் பிடிபட்ட மாதிரியும் இருக்கும். வரையறை ஸ்லைடைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வரையறை ஸ்லைடு ஒன்றும் சொல்லித்தராமல் போகலாம், இந்த அட்டவணையோ தப்பாகச் சொல்லித்தருகிறது.

தப்பு இரண்டு. முதலாவது, கற்றல் நோக்கம் என்பதே இடப்பக்கத்துச் சரக்கு என்று மாணவ ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 'கட்டமைப்புவாதப் பாடம்' என்று தலைப்புப் போட்ட குறிப்பில் நோக்கம் மங்கிப்போய், "மாணவர்கள் மகிழ்ச்சியுடன் கற்பர்" என்று முடிந்துவிடும். இரண்டாவது, கட்டமைப்புவாதம் என்றால் குழுவாக உட்கார வைப்பது, சார்ட் ஒட்டுவது என்று ஆகிவிடுகிறது. உண்மையில் அது பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றிய கொள்கை. ஆசிரியர் எப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது அல்ல. வரிசையாக உட்கார்ந்து கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையும் தன் தலைக்குள் எதையோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மேலே சொன்ன மாணவன் 'இலக்கம் கூடினால் சிறிது' என்ற விதியைக் கட்டியது எந்தக் குழுச் செயல்பாட்டிலும் இல்லை, ஆசிரியர் சொன்ன ஒரு சரியான வாக்கியத்திலிருந்து.

ஒரு மாணவ ஆசிரியர் அட்டவணையிலேயே நின்றுவிட்டாரா என்று கண்டுபிடிப்பது எளிது. அவருடைய குறிப்பில் 'குழுச் செயல்பாடு' என்ற வரிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இதில் பிள்ளைகள் என்ன தப்பான விடை சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கே கட்டமைப்புவாதம் இல்லை, நாற்காலி திருப்பிப் போட்டது மட்டும்தான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். முதல் ஸ்லைடில் தலைப்பு இல்லை, பெயர் இல்லை. இரண்டு எண்கள் மட்டும்: 4.63, 4.8. கீழே ஒரு வரி: "ஏழாம் வகுப்பு மாணவி 4.63 பெரியது என்கிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள்?" மூன்று நிமிடம் எழுதச் சொல்கிறேன். முதலில் 'கவனக்குறைவு', 'அடிப்படை சரியில்லை' என்று வரும். அவற்றை ஏற்றுக்கொள்ளாமல், அவள் எங்கிருந்து இதைக் கற்றிருப்பாள் என்று திரும்பக் கேட்டால், கொஞ்ச நேரத்தில் வகுப்பு சூடுபிடிக்கும். யாராவது ஒருவர் கிரிக்கெட்டைச் சொல்வார். 19.5 ஓவருக்கு அடுத்தது 20. அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்து, ஆறு பந்துக்கு ஓர் ஓவர். இன்னொருவர் மணி சொல்வார், மாலை 4.30. இன்னொருவர் கணக்குப் புத்தகத்தையே காட்டுவார், பயிற்சி 1.9-க்கு அடுத்தது பயிற்சி 1.10. பால் விலை, பஸ் கட்டணம் எல்லாம் ரூபாயும் பைசாவுமாக இரண்டு முழு எண்கள். பிள்ளை நாள் முழுக்கப் பார்க்கும் புள்ளி, இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் புள்ளி. அவள் அந்த உலகத்திலிருந்து நியாயமாக ஒரு விதியைக் கட்டியிருக்கிறாள். பாடப்புத்தகத்துப் புள்ளி மட்டும் வேறு வேலை செய்கிறது.

இந்த இடத்தில்தான் பியாஜேயின் சொற்கள் உள்ளே வரலாம். புதிதாக வந்த 4.63-ஐ ஏற்கெனவே இருக்கும் முழு எண் அமைப்புக்குள் அடக்கிக்கொண்டாள் அல்லவா, அது தன்வயப்படுத்துதல். அந்த அமைப்பே மாறி, புள்ளிக்கு வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று இடங்கள் இருக்கின்றன என்று ஆனால் அது பொருந்தச் செய்தல். இரண்டு சொல்லையும் இப்போது சொன்னால் யாரும் நோட்டில் பார்த்து எழுத வேண்டியதில்லை, பிள்ளையின் முகம் மனதில் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் வகுப்புகளில் இந்தத் தவறுக்கு வழக்கமான மருந்து, 'பூஜ்ஜியம் போட்டுச் சமமாக்கு' என்பது. 4.8-ஐ 4.80 ஆக்கு, இப்போது 80 பெரியதா 63 பெரியதா பார். இது பலிக்கும். பத்துக்குப் பத்தும் வரும். ஆனால் அந்த மாணவி இன்னும் முழு எண்ணாகத்தான் படிக்கிறாள், படிக்கத் தோதாகச் சமப்படுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். பழைய அமைப்பு அசையவே இல்லை. ரூபாய் உதாரணமும் இதே காரணத்தால் ஏமாற்றும், ஏனென்றால் விலையை எப்போதும் இரண்டு இலக்கமாகத்தான் எழுதுகிறோம். சரிபார்க்க ஒரு கேள்வி போதும்: "4.63-க்கும் 4.64-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லும்மா." எதுவும் இல்லை என்று அவள் சொன்னால், பத்துக்குப் பத்து எடுத்தும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

மாற்றாக, ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டையைப் பத்தாக மடித்துக் குறித்து, அதில் ஒரு துண்டை மறுபடி பத்தாகக் குறித்துக் கையில் கொடுக்கலாம். 0.3 மீட்டர், 0.25 மீட்டர் இரண்டையும் அதில் விரலால் காட்டச் சொன்னால், விரல் நிற்கும் இடமும் அவள் சொன்ன விடையும் மோதும். அந்த மோதல் நடக்கும்போது ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பதைத் தனி ஸ்லைடாக வைப்பேன்.

"எது நீளம்?"
"இருபத்தஞ்சு, டீச்சர்."
"0.25-ல அந்த ரெண்டு எதைச் சொல்லுது? பட்டையில காட்டு."
(பெரிய துண்டு இரண்டைக் காட்டுகிறாள்.)
"அந்த அஞ்சு?"
(சற்று நேரம். சின்னக் கோடுகளை எண்ணுகிறாள்.) "இது... சின்னது."
"சரி, 0.3-ல மூணு?"
"பெரிய துண்டு மூணு. அப்போ பாயிண்ட் மூணுதான் டீச்சர் நீளம்."

ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று இடத்தில் திருப்பிவிட்டார். தனியாக முடியாததை, திருப்பிவிட்டால் முடிகிற அந்த எல்லைதான் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம். அந்த மூன்று கேள்விகள் சாரக்கட்டு. இந்தச் சொல்லைக் கல்விக்குக் கொண்டுவந்தது 1976-இல் உட், புரூனர், ராஸ் எழுதிய கட்டுரை, வைகாட்ஸ்கி அல்ல. அவர் 1934-லேயே இறந்துவிட்டார். தேர்வில் பலர் மாற்றி எழுதுகிறார்கள். நாளைக்கு இதே மாணவிக்கு முதல் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும், மறுநாள் பட்டையே இல்லாமல். கட்டிடம் நின்றதும் சாரத்தைப் பிரிப்பது போல.

இப்போது நோக்கத்துக்குத் திரும்புவோம். மூன்றாவது வழி வெல்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அட்டவணை பிரித்துவைத்த இரண்டு பக்கமும் மேகரின் 'நிபந்தனை' என்ற கூறில் வந்து சேர்கின்றன. பிள்ளைகள் என்ன தவறான விதியோடு வருகிறார்கள் என்று கட்டமைப்புவாதம் நமக்குக் கேட்கச் சொல்லித்தருகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டதை நிபந்தனையில் எழுதலாம். முன்பு எழுதிய நோக்கம் இப்படி மாறும்:

"புள்ளிக்குப் பின் இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் நான்கு இணைகள் தரப்பட்டால் (இரண்டில் நீண்ட எண் பெரியது, இரண்டில் குறுகிய எண் பெரியது), நான்கிலும் பெரிய எண்ணைத் தேர்ந்து, ஒன்றுக்கேனும் எண்கோட்டிலோ பட்டையிலோ காட்டிக் காரணம் சொல்வர்."

பத்து இணை நான்காகிவிட்டது. 80 சதவீதமும் போய்விட்டது, ஏனென்றால் நான்கில் இரண்டு தவறென்றால் அது பாதிப் புரிதல் இல்லை, ஒரு முழுத் தவறான விதி. 'காரணம் சொல்வர்' என்பது பூஜ்ஜியம் போட்டுத் தப்பிப்பதை மறிக்கிறது. புளூமின் வினைச்சொற்களும் இங்கே தானாக வந்துவிட்டன. 'புரிந்துகொள்வர்' என்று எழுதாமலே புரிதல் என்ன என்று எழுதியாயிற்று.

மூன்றாவது வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. ஒரு பீரியடில் 45 நிமிடம் என்றால், ஒரே உதாரணம் அதை முழுதாக எடுத்துக்கொள்ளும். பாடத்திட்டத்தில் இருக்கும் பன்னிரண்டு பெயரையும் இப்படி நடத்த முடியாது. ஆகவே வரையறை ஸ்லைடுகளை நான் தூக்கிப் போடவில்லை. கடைசி பத்து நிமிடத்துக்குத் தள்ளியிருக்கிறேன், ஆண்டும் பெயரும் அங்கே போய்விடும். அட்டவணையை மட்டும் அறவே விட்டுவிட்டேன். ஐந்து இ மாதிரியையும், அதாவது ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற படிகளையும், முதல் வாரத்தில் காட்டுவதில்லை. தவறான விடை கையில் இல்லாமல் அந்தப் படிகளைக் கொடுத்தால், ஐந்து கட்டங்களை நிரப்பும் படிவமாக ஆகிவிடுகிறது.

இன்னொரு குறை, உதாரணம் கணக்கிலேயே நின்றுவிட்டால் தமிழ், அறிவியல் மாணவ ஆசிரியர்கள் அது தங்களுக்கில்லை என்று விலகிவிடுவார்கள். அதனால் இரண்டாவது வகுப்பில் ஒற்று மிகுதலை எடுக்கிறேன். 'அந்தப் பையன்', 'இந்தப் புத்தகம்', 'எந்தத் தெரு' என்று பயிற்சி கொடுத்தால் பிள்ளை எல்லாவற்றையும் சரியாக எழுதும். அதே பிள்ளை கட்டுரையில் 'வந்தப் பையன்', 'படித்தக் கதை' என்று எழுதும். 'த என்று முடிந்து அடுத்து வல்லினம் வந்தால் ஒற்றுப் போடு' என்பது அது கட்டிக்கொண்ட விதி. 'அந்த' என்பது சுட்டு, அதன் பின் மிகும். 'வந்த' என்பது பெயரெச்சம், அதன் பின் மிகாது. முதல் மூன்று சொற்களை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் முழு மதிப்பெண்ணும் வரும், விதி வெளியே வராது. இரண்டு வகையையும் கலந்து ஆறு தொடர் கொடுத்து, ஒற்றுப் போட்டதற்கும் போடாததற்கும் காரணம் கேட்டால் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

இதற்குப் பிறகு மாணவ ஆசிரியர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலை ஒன்றுதான். பயிற்சிப் பள்ளியில் முதல் வாரம் பாடம் எடுப்பதற்கு முன், பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் ஒரே மாதிரித் தவறு மூன்று பேரிடம் இருக்கிறதா என்று தேடி, அதை அப்படியே எழுதி, அதன் கீழே அந்தப் பிள்ளைகளின் விதியை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். நோக்கத்தை அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.